லாவெண்டர் வாசத்துக்குத் தூக்கம் வருமா, ரோஸ்மேரி வாசத்துக்குப் பாடம் நிற்குமா?

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால் இருபுறமும் மசாலாக் கடைகள். ஏலக்காய், மிளகு, கிராம்பு மூட்டைகளுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் விரல் உயரப் பழுப்பு பாட்டில்கள் வரிசையாக நிற்கும். யூகலிப்டஸ், புல் தைலம், சந்தனம் என்று தொடங்கிய அந்த வரிசையில் இப்போது லாவெண்டரும் ரோஸ்மேரியும் பெப்பர்மின்ட்டும் சேர்ந்துவிட்டன. போன மாதம் என் அக்கா மகள் மூன்றையும் வாங்கி வந்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள்.

"மாமா, ரோஸ்மேரிய மோந்துகிட்டே படிச்சா மறக்காதாம். பெப்பர்மின்ட் வச்சா தூக்கம் வராதாம். ராத்திரிக்கு லாவெண்டர். கடைக்கார அண்ணன் சொன்னாரு."

நான் கம்பத்தில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன். "சும்மா ஏமாத்து வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அதுவும் தப்பு. இந்த மூன்று மணங்களையும் பற்றி முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன, சிலவற்றில் பலன் தெரிந்தும் இருக்கிறது. எது தெரிந்தது, அது எந்த வழியாக வந்தது என்பதில்தான் குழப்பம். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

ஏலக்காய் ஸ்டோர் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே காய் காயும்போது ரோட்டில் போகிறவர் மூக்கு வரை வாசம் வரும். காய்க்குள் இருக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெய் சூட்டில் கிளம்பிக் காற்றில் கலப்பதுதான் அது. இப்படிச் செடியிலிருந்து ஆவியாக எழும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிடித்தால் அதற்கு நறுமண எண்ணெய் என்று பெயர். கடையில் 'எசென்ஷியல் ஆயில்' என்பார்கள். சமையல் எண்ணெய்க்கும் இதற்கும் பெயரில்தான் உறவு.

ஒவ்வொரு நறுமண எண்ணெயிலும் பல பொருள்கள் கலந்திருக்கும். நமக்கு மூன்று பெயர் போதும். லாவெண்டரில் லினலூல், ரோஸ்மேரியில் சினியோல், பெப்பர்மின்ட்டில் மென்தால். இவை சீமையிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்தான். அம்மாச்சி சளிக்குத் தேய்த்துவிடும் யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதி சினியோல். ஏலக்காய் எண்ணெயிலும் சினியோலுக்குப் பெரும் பங்கு உண்டு. சினியோல் மட்டுமே நினைவாற்றலைக் கொடுக்கும் என்றால், ஸ்டோரில் ராத்திரி முழுக்கக் காய் காயவைப்பவருக்கு எதுவும் மறக்கக் கூடாது.

சரி, கடையில் வாங்கியது உண்மையான எண்ணெய்தானா? வெள்ளைத் தாளில் மூன்று பாட்டிலிலிருந்தும் தலா ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தோம். பெப்பர்மின்ட், ரோஸ்மேரி விட்ட இடங்களில் தடம் தெரியவில்லை. லாவெண்டர் விட்ட இடத்தில் வடை வைத்த தாள் போல ஒரு எண்ணெய் வட்டம். இந்த மூன்றும் ஏறக்குறைய முழுதாக ஆவியாகிவிட வேண்டியவை. வட்டம் நின்றால் ஆவியாகாத எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். வட்டம் இல்லை என்பதாலேயே சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. செயற்கை வாசனையும் தடமில்லாமல் பறந்துவிடலாம்.

சுருக்கமாக: இவை செடியின் ஆவியாகும் எண்ணெய்கள். முக்கியப் பொருள்கள் லினலூல், சினியோல், மென்தால். மூன்றில் இரண்டு நம் அடுப்படியிலேயே இருக்கின்றன.

மூக்கிலிருந்து மூளைக்கு

ஆஸ்பத்திரி வாசலில் பினாயில் வாசம் அடித்ததும் சிலருக்கு வயிறு கலங்கும். ஊசி போடும் முன்பே, டாக்டரைப் பார்க்கும் முன்பே கலங்கும். பினாயிலுக்கு வயிற்றைக் கலக்கும் மருந்துக் குணம் இருப்பதால் அப்படி நடப்பதில்லை. அந்த வாசம் இருந்த இடத்தில் முன்பு பயந்திருக்கிறோம், அது ஞாபகத்துக்கு வருகிறது.

மற்றப் புலன்களின் செய்தி மூளையின் நடுவிலுள்ள ஒரு சந்திப்பு வழியாகப் பிரிந்து போகும். மோப்பச் செய்தி அந்தச் சுற்று வழியில் போகாமல் மூக்கின் மேல்கூரைக்கு அருகிலிருக்கும் மோப்ப முகிழ் என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்து உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராக இறங்குகிறது. மணத்தோடு ஞாபகம் சட்டென்று ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

ஆக ஒரு மணம் நம்மை மாற்றினால் அதற்கு மூன்று வழி இருக்கலாம். முதலாவது மருந்து வழி, அதாவது அந்தப் பொருளே மூளையில் வேலை செய்வது. இரண்டாவது எதிர்பார்ப்பு வழி. 'இது தூங்கவைக்கும்' என்று நம்பி முகர்ந்தால் அந்த நம்பிக்கையே உடம்பைத் தளர்த்தும். மருந்தே இல்லாத மாத்திரையைத் தின்றும் சிலருக்குக் குணம் தெரிவதைப் பிளாசிபோ விளைவு என்பார்கள், அதே சங்கதிதான். மூன்றாவது அடையாள வழி, பினாயில் கதை.

கடைக்காரர் சொல்வது முதல் வழி மட்டும். ஆய்வுகளைப் படிக்கும்போது மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ரோஸ்மேரி: எல்லோரும் சொல்லும் அந்த ஆய்வு

ரோஸ்மேரி பேச்சு எங்கே எழுந்தாலும் அடியில் பெரும்பாலும் இங்கிலாந்தின் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கும். 144 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவை ரோஸ்மேரி மணக்கும் அறையிலும், ஒன்றை லாவெண்டர் அறையிலும், ஒன்றை மணமில்லாத அறையிலும் உட்காரவைத்துக் கணினியில் நினைவுத் தேர்வு வைத்தார்கள்.

ரோஸ்மேரி அறையில் இருந்தவர்கள் படித்ததைத் திருப்பிச் சொல்வதில் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். விளம்பரத்தில் வருவது இவ்வளவுதான். அதே ஆய்வில், நினைவிலிருந்து எடுக்கும் வேகம் ரோஸ்மேரி அறையில் குறைந்திருந்தது. சரியாகச் சொன்னார்கள், ஆனால் மெதுவாக. மூன்று மணி நேரத்தில் விடைத்தாளை நிரப்ப வேண்டிய பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. லாவெண்டர் அறையில் இருந்தவர்களுக்கோ மனதில் தற்காலிகமாகத் தாங்கி வைக்கும் நினைவே சரிந்திருந்தது. மனக்கணக்குப் போடும்போது 'கையில் மூணு' என்று வைத்துக்கொள்கிறோமே, அந்த நினைவு. படிக்கும் மேசையில் லாவெண்டர் மெழுகுவத்தி ஏற்றி வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2012-இல் அதே பல்கலைக்கழகத்தார் இன்னொரு படி போனார்கள். ரோஸ்மேரி மணத்தில் இருபது பேரை உட்காரவைத்து இரத்தத்தில் சினியோலை அளந்தார்கள். முகர்ந்தே அது இரத்தத்தில் ஏறியிருந்தது, அளவு கூடுதலாக இருந்தவர்கள் சில தேர்வுகளில் மேலாகச் செய்தார்கள். மருந்து வழிக்கு இது ஒரு தடயம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் இருபது பேர்தான். இரண்டு அளவுகள் கூடவே ஏறியதால் ஒன்றுதான் மற்றதை ஏற்றியது என்று முடிவு கட்டவும் முடியாது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரையில் மருந்தும் வெறும் மாவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்படி செய்துவிடலாம். மணத்தை எப்படி மறைப்பது? அறைக்குள் வந்ததும் மணக்கிறதா இல்லையா என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் எதிர்பார்ப்பு பிறந்துவிடும். 2008-இல் 96 இளம்பெண்களை வைத்து இதையே நேராகச் சோதித்தார்கள். சிலருக்கு லாவெண்டர், சிலருக்கு வேறு மணம், சிலருக்கு மணமே இல்லை. கூடவே, இது உங்களைத் தளர்த்தும் என்றும் தளரவிடாது என்றும் பிரிவுக்கொரு விதமாகச் சொல்லிவைத்தார்கள். தோலில் பதற்றத்தை அளந்தபோது முடிவை மாற்றியது சொல்லிவைத்த வார்த்தை. லாவெண்டருக்கென்று தனி விளைவு தெரியவில்லை.

சுருக்கமாக: ரோஸ்மேரிக்குச் சாதகமான சிறு ஆய்வுகள் உண்டு. கிடைத்த பலன் சிறியது, வேகம் குறைந்ததும் அதே ஆய்வில்தான். எதிர்பார்ப்பைப் பிரித்து எடுப்பது கடினம்.

வீட்டில் நாங்கள் செய்து பார்த்தது

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, "அப்ப நம்மளே பாத்துருவோமே மாமா" என்றாள். ரோஸ்மேரியை முகர்ந்து அவள் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

இரண்டு சின்ன டப்பாக்களில் பஞ்சு வைத்து, ஒன்றில் ரோஸ்மேரி மூன்று சொட்டு, மற்றதில் புல் தைலம் மூன்று சொட்டு விட்டேன். "ரெண்டுமே படிப்புக்கான வாசம், எது என்னன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மணமில்லாத டப்பா வைத்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால்தான் ஒப்பிட இன்னொரு மணம். எட்டு நாள், தினமும் இரவு எட்டு மணி, எந்த நாள் எந்த டப்பா என்று சீட்டுக் குலுக்கி எடுத்தது அம்மாச்சி. உயிரியல் புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவிலிருந்து தினம் இருபது புதுச் சொற்கள். பத்து நிமிடம் படிப்பு, அரை மணி நேரம் வேறு வேலை, அப்புறம் பார்க்காமல் எழுத வேண்டும்.

ரோஸ்மேரி நாட்களில் அவள் எழுதியவை 14, 11, 15, 13. புல் தைல நாட்களில் 13, 14, 12, 12. கூட்டி வகுத்தால் முதலாவது 13.25, இரண்டாவது 12.75.

"பாத்தீங்களா, ரோஸ்மேரி ஜெயிச்சிருச்சு!"

அரைச் சொல் வித்தியாசம். ஆனால் ரோஸ்மேரி நாட்களுக்குள்ளேயே 11-க்கும் 15-க்கும் இடையில் நான்கு சொல் ஆடுகிறது. 11 எழுதிய அன்று அவளுக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, வந்ததும் கண் சொக்கியது. ஒரே டப்பாவுக்குள் நாளுக்கு நாள் ஆடும் ஆட்டத்தைவிட டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் சிறியதாக இருந்தால், அதை வாசத்தின் கணக்கில் எழுத முடியாது. அந்த 15 மட்டும் 12 ஆகியிருந்தால் ரோஸ்மேரிக்கு 12.5, புல் தைலம் ஜெயித்திருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது நாளே, "இது புல் தைலம், நம்ம தரை துடைக்கிற வாசம்" என்று கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த டப்பாவின் மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்திருக்குமா? மணத்தை மறைக்க முடியாது என்று மேலே சொன்னேனே, எங்கள் சமையலறை மேசையிலேயே அது நடந்தது. எட்டு நாள், ஒரு பிள்ளை என்பதை வைத்து ரோஸ்மேரி வேலை செய்யாது என்றும் சொல்ல முடியாது. அவள் மதிப்பெண்ணைத் தூக்கும் அளவுக்குப் பெரிய விளைவு இருந்தால் இதில் தலைகாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெப்பர்மின்ட்: குளிர்ச்சி என்பது மணமல்ல

பெப்பர்மின்ட் மிட்டாயைச் சப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தால் பல் கூசும். தண்ணீர் அதே தண்ணீர்தான். குளிரை உணர்வதற்கென்று வாயிலும் மூக்கிலும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மென்தால் அவற்றைத் தொட்டதும், குளிராமலேயே 'குளிர்கிறது' என்று அவை செய்தி அனுப்பிவிடும். முகத்தில் சில்லென்று தண்ணீர் தெளித்தது போல ஒரு விழிப்பு. மூக்கடைப்பிலும் இதே ஏமாற்றுதான். மென்தால் முகர்ந்ததும் மூச்சு தாராளமாகப் போவது போல இருக்கும், ஆனால் அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும்.

இந்தச் சுறுசுறுப்பு உண்மையான உணர்வுதான். 2008-இல் நார்த்தம்ப்ரியாவில் பெப்பர்மின்ட் முகர்ந்தவர்கள் கூடுதல் விழிப்பாக இருப்பதாகச் சொன்னார்கள், நினைவுத் தேர்விலும் மேலாகச் செய்தார்கள். ஆனால் 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு பெப்பர்மின்ட், மென்தால், சினியோல் மூன்றையும் முகரவைத்து எதிர்வினை வேகத்தை அளந்து, பொருளின் நேரடி விளைவைவிட அந்த மணத்தை அவரவர் எப்படி மதிக்கிறார்கள் என்பதே முடிவோடு ஒட்டி வருகிறது என்று கண்டது.

'தூக்கத்தை விரட்டும்' என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 2004-இல் தூங்குபவர்கள் மூக்கருகே பெப்பர்மின்ட் மணத்தைக் காட்டிச் சோதித்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் அது யாரையும் எழுப்பவில்லை. தூக்கம் கெட்டுக் கெட்டுச் சேர்ந்த அசதியைச் சில்லென்ற உணர்வு சில நிமிடம் மறைக்கும். தூக்கக் கடன் அப்படியே இருக்கும்.

லாவெண்டர்: மூன்றில் பலமானது

மருந்து வழிக்கு நல்ல ஆதாரம் எலிகளிடமிருந்து வருகிறது. 2018-இல் ஜப்பானின் காகோஷிமா பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை லினலூல் ஆவியில் விட்டார்கள். அவற்றின் பதற்றம் குறைந்தது. மோப்பம் இழந்த எலிகளுக்குக் குறையவில்லை. பதற்றத்துக்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரைகள் மூளையில் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிட்டாலும் குறையவில்லை. மூக்கு வழியாகப் போன செய்தியே அந்த இடத்தைத் தொடுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. எலியிடம் தெரிந்தது நம்மிடமும் அதே அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனிதர்களில் 2005-இல் நன்றாகத் தூங்கும் இளைஞர்கள் 31 பேரிடம், தூங்கும் முன் விட்டு விட்டு லாவெண்டர் காட்டியபோது ஆழ்ந்த தூக்கம் கொஞ்சம் கூடியது. 2015-இல் தூக்கக் குறை சொன்ன கல்லூரி மாணவர்கள் 79 பேருக்கு ஐந்து இரவு நெஞ்சில் பட்டை ஒட்டினார்கள். பாதிப்பேருக்கு லாவெண்டர் பட்டை, மற்றவர்களுக்கு வெறும் பட்டை. இரு தரப்புக்கும் நல்ல தூக்கப் பழக்கங்களையும் சொல்லிக் கொடுத்தார்கள். லாவெண்டர் தரப்பினர் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். தூங்கிய நேரத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. தூக்கத்தின் தரம் பற்றிய உணர்வு மேம்பட்டது, மணிக்கணக்கு கூடவில்லை.

சுருக்கமாக: லேசான அமைதிக்கு லாவெண்டரில் ஓரளவு ஆதாரம் உண்டு. பல நாள் தூக்கமே வராத நோய்க்கு அது மருந்தாகாது.

அடையாளமாக வேலை செய்யும் மணம்

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வில் இந்த மூன்றுமே இல்லை, ரோஜா மணம்தான். 2007-இல் ஜெர்மனியில், சீட்டு ஜோடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சிலரை மனப்பாடம் செய்யவைத்தார்கள். படிக்கும்போது ரோஜா மணம் காட்டினார்கள். இரவில் ஆழ்ந்த தூக்கத்தின்போது அதே மணத்தை மறுபடி காட்டினார்கள். காலையில், தூங்கும் முன் நினைவிருந்ததில் சுமார் 97 சதவீதம் அப்படியே இருந்தது. மணம் காட்டாத இரவில் சுமார் 86 சதவீதம். முக்கியமான இடம் இனிதான். படிக்கும்போது மணம் இல்லாமல் தூக்கத்தில் மட்டும் காட்டினால் எந்தப் பலனும் இல்லை. ரோஜாவுக்கு மருந்துக் குணம் இருந்திருந்தால் அப்போதும் வேலை செய்திருக்க வேண்டும். படித்ததோடு அது ஒட்டிக்கொண்டிருந்ததால்தான், தூக்கத்தில் மூளை அந்தப் பாடத்தை மீண்டும் புரட்ட அது தூண்டியது.

2020-இல் தென் ஜெர்மனியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் மேசையிலும் இரவில் தலைமாட்டிலும் ரோஜா ஊதுபத்தி. பற்றவைக்காமல் வெறும் குச்சியை வைத்தார்கள். இரண்டு நேரமும் வைத்த பிள்ளைகளின் கற்றல் சுமார் 30 சதவீதம் மேலாக இருந்தது. இரண்டு வகுப்புப் பிள்ளைகள்தான், இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். ஆனால் செலவு ஒரு ஊதுபத்தி.

இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் வாசம் அடையாளமாகாது. நம் பக்கத்து வீடுகளில் ஏலக்காய் வாசம் சுவரிலேயே ஊறியிருக்கும், அது எதையும் ஞாபகப்படுத்தாது. வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு மணத்தைப் படிப்புக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். பஞ்சில் இரண்டு சொட்டு, ஒரு கை தூரம். சில நிமிடத்தில் மூக்கு பழகி வாசம் போய்விட்டதாகத் தோன்றும். அப்போது இன்னும் நான்கு சொட்டு விடுவதுதான் எல்லோரும் செய்வது, அதனால் தலைவலிதான் வரும்.

பாட்டிலை எங்கே வைப்பது?

இந்த எண்ணெய்களைக் குடிக்கக் கூடாது, தண்ணீரில் ஒரு சொட்டு என்றும் வேண்டாம். யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் உள்ளே போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் என்பது தெரிந்த விஷயம். ரோஸ்மேரியிலும் கற்பூரச் சத்து இருப்பதால் வலிப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கைக்குழந்தையின் மூக்கருகே மென்தாலைக் கொண்டுபோகவே கூடாது, மூச்சுக்குழல் இறுகிவிடலாம். திறந்து பல மாதமான லாவெண்டரைத் தோலில் தடவ வேண்டாம். காற்றுபட்ட லினலூல் அரிப்பைக் கொடுக்கும் பொருளாக மாறிவிடும்.

எங்கள் வீட்டில் மூன்று பாட்டிலும் இப்போது பீரோவின் மேல்தட்டில். படிப்புக்கு அக்கா மகள் ரோஸ்மேரியையே தேர்ந்தெடுத்தாள், வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை என்ற காரணத்துக்காக. உயிரியல் படிக்கும்போது மட்டும் டப்பாவைத் திறக்கிறாள், படுக்கும்போது தலைமாட்டில் வைக்கிறாள். பத்தரை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது அம்மாச்சி போட்ட நிபந்தனை.